‘பயனில்லை’ என்று எழுதலாமா? ஒரு தீர்ப்பும் ஒரு புகை அலாரமும்

கேள்வி: நான் வேளாண் முதுகலை மாணவி. எங்களிடம் உள்ள விதையின் முளைப்புத் திறன் வழக்கமாக 70 சதவீதம். விதை நேர்த்தி செய்து 50 விதைகளை வைத்துப் பார்த்தேன், 39 முளைத்தன. பி-மதிப்பு 0.05-ஐத் தாண்டி 0.14 வந்ததால் ‘விதை நேர்த்தியால் பயனில்லை’ என்று ஆய்வேட்டில் எழுதினேன். வழிகாட்டி அதை அடித்துவிட்டு, ‘எந்த வகைப் பிழை செய்திருக்கலாம், யோசி’ என்று ஓரத்தில் எழுதியிருக்கிறார். முதல் வகை, இரண்டாம் வகை இரண்டும் எனக்கு எப்போதும் மாறிப்போகிறது. என்ன எழுதட்டும்?

பதில்: நீங்கள் செய்திருக்கக்கூடியது இரண்டாம் வகைப் பிழை மட்டும்தான். முதல் வகைக்கு இங்கே இடமே இல்லை. ஏன் என்பது நீதிமன்றத்தை நினைத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

குற்ற வழக்கு, கூண்டில் நிற்பவர் நிரபராதி என்ற அனுமானத்தோடுதான் தொடங்குகிறது. உங்கள் ஆய்வில் அந்தக் கூண்டில் நிற்பது இன்மைக் கருதுகோள்: ‘நேர்த்தி எதையும் மாற்றவில்லை, முளைப்பு அதே 70 தான்.’ அதை உடைக்க வேண்டிய பொறுப்பு சான்றுக்கு. நிரபராதியைத் தண்டித்துவிட்டால் அது முதல் வகைப் பிழை. குற்றவாளியை விட்டுவிட்டால் இரண்டாம் வகை. அதாவது தண்டனை கொடுத்தால்தான் முதல் பிழை நேர முடியும், விடுவித்தால்தான் இரண்டாவது நேர முடியும். தீர்ப்பு எது என்று முதலில் பாருங்கள், எந்தப் பிழை என்பது தானாக வந்துவிடும். 5 சதவீத மட்டத்தில், அதாவது நிரபராதியைத் தண்டிக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஐந்தைத் தாண்டாதபடி, இன்மைக் கருதுகோளைத் தள்ள உங்களுக்கு 50-க்கு 41 முளைத்திருக்க வேண்டும். 39 தான் முளைத்தது. எனவே உங்களுடையது விடுதலைத் தீர்ப்பு.

விடுதலைத் தீர்ப்பில் நீதிபதி எழுதும் வாசகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? ‘குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்படவில்லை, சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன்’ என்பார். ‘இவர் அதைச் செய்யவே இல்லை’ என்பது வேறு பேச்சு. உங்கள் ‘பயனில்லை’ அந்த வேறு பேச்சுதான். அதனால்தான் வழிகாட்டி அடித்திருக்கிறார்.

சான்று எவ்வளவு வேண்டும் என்ற அளவும் எங்கும் ஒன்றல்ல. ஒரே சாலை விபத்தில், குற்றவியல் நீதிமன்றத்தில் விடுதலையான ஓட்டுநரின் வண்டிக்காகவே மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் இழப்பீடு வழங்கலாம். முன்னதில் ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் கேள்வி, அதனால் சந்தேகத்துக்கு இடமே இருக்கக் கூடாது. பின்னதில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். எந்தப் பிழை அதிகம் வலிக்கும் என்பதைப் பொறுத்துத்தான் கோடு போடப்படுகிறது. நாம் பழக்கமாகப் போடும் 5 சதவீதமும் அப்படி ஒரு கோடுதான்.

சரி, அந்தக் கோட்டை நகர்த்தினால் என்ன ஆகும்? இங்கே புகை அலாரம் உதவும். அதன் இன்மைக் கருதுகோள் ‘தீ இல்லை.’ தாளிப்புப் புகைக்கு அலறினால் முதல் வகை. மெத்தை கருகும்போது பேசாமல் இருந்தால் இரண்டாம் வகை. நான் ஒருமுறை தங்கியிருந்த விடுதியில் மிளகாய் வறுத்தாலே அது அலறும். ஒரு நாள் நிமிர்ந்து பார்த்தால், கூரையில் இருந்த அந்த வெள்ளை வட்டத்தை யாரோ பிளாஸ்டிக் கவரால் மூடி, ரப்பர் பேண்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அதன்பின் பொய் அலாரம் ஒன்றுகூட இல்லை. தீப்பிடித்திருந்தாலும் சத்தம் வந்திருக்காது. முதல் வகைப் பிழையைப் பூஜ்யமாக்க அவர்கள் கொடுத்த விலை, இரண்டாம் வகையை முழுதாக ஏற்றுக்கொண்டது.

உங்கள் விதைகளிலும் இதே கணக்குதான். நேர்த்தி உண்மையிலேயே முளைப்பை 80 சதவீதமாக உயர்த்துகிறது என்று வைத்துக்கொள்வோம். 50 விதைகளில் 41 என்று கோடு போட்டால், பொய் அலாரத்துக்கான வாய்ப்பு 4 சதவீதம். ஆனால் அந்த உண்மையான உயர்வைத் தவறவிடும் வாய்ப்பு 56 சதவீதம். கோட்டை 43-க்கு ஏற்றினால் பொய் அலாரம் 1 சதவீதத்துக்கும் கீழே போய்விடும், தவறவிடுவதோ 81-க்குத் தாவும். 40-க்கு இறக்கினால் தவறவிடுவது 42-க்குக் குறையும், பொய் அலாரம் 8-ஐத் தொடும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும்.

இரண்டையும் ஒன்றாகக் குறைக்க வழி, அலாரத்துக்கு இன்னும் நல்ல மூக்கு கொடுப்பதுதான். உங்களுக்கு அது விதை எண்ணிக்கை. 200 விதை வைத்து 152-இல் கோடு போட்டால் பொய் அலாரம் ஏறக்குறைய அதே 4 சதவீதம், தவறவிடுவது சுமார் 7-க்கு இறங்கிவிடும். விதைப் பரிசோதனையில் முளைப்புத் திறனுக்கு நூறு நூறாக நான்கு தொகுதி, மொத்தம் 400 விதை வைப்பது வழக்கம் என்பது உங்களுக்கே தெரியும். 50 விதை என்றதும் எனக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வகைப் பிழையின் அளவை நீங்களே நிர்ணயிக்கிறீர்கள். இரண்டாம் வகைக்கு ஒற்றை எண் கிடையாது, உண்மையான உயர்வு எவ்வளவு என்பதைப் பொறுத்து அது மாறும். வீடே பற்றி எரிந்தால் எந்த அலாரமும் அலறும், ஊதுபத்தி அளவு கங்கைப் பிடிப்பதுதான் கஷ்டம். அதனால் ‘எவ்வளவு உயர்ந்தால் விவசாயிக்குப் பயன்’ என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதைப் பிடிக்க எத்தனை விதை வேண்டும் என்று கணக்குப் போடுங்கள். இந்த வரிசை தலைகீழாகிவிடக் கூடாது.

அப்புறம், ஒரு ஆசை வரும்: ‘39 வந்துவிட்டது, 41-க்கு இரண்டுதான் குறைவு, இன்னும் கொஞ்சம் விதை வைத்துச் சேர்த்துப் பார்ப்போம்.’ வேண்டாம். கோட்டைத் தொடும்வரை சேர்த்துச் சேர்த்துப் பார்த்தால், நேர்த்தியால் எதுவும் நடக்காத நிலையிலும் ஏதாவது ஒரு கட்டத்தில் கோடு தாண்டிவிடும் வாய்ப்பு ஏறிக்கொண்டே போகும். 5 சதவீதம் என்று நீங்கள் எழுதியது அப்போது உண்மையாக இருக்காது. மறுபடி செய்வதென்றால் எண்ணிக்கையை முன்பே முடிவுசெய்து, புதிதாக 200 விதையோடு தொடங்குங்கள். நேர்த்தி செய்யாத விதையையும் அதே நாளில், அதே தட்டுகளில் பக்கத்திலேயே வையுங்கள். வழக்கமான 70 என்பது இந்த வாரத்து ஈரத்துக்கும் வெப்பத்துக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்ப முடியாது. ஆனால் அப்படி இரண்டு தொகுதிகளை ஒப்பிடும்போது கணக்கு மாறும், விதையும் இன்னும் அதிகம் தேவைப்படும்.

மறுபடி செய்ய நேரமில்லை என்றால், அடித்த வரிக்குப் பதில் இதை எழுதுங்கள்:

‘நேர்த்தி செய்த 50 விதைகளில் 39 முளைத்தன (78 சதவீதம், 95 சதவீத நம்பிக்கை இடைவெளி சுமார் 65 முதல் 87 வரை). முளைப்புத் திறன் 70 சதவீதத்தைவிட உயர்ந்தது என்று சொல்ல 5 சதவீத மட்டத்தில் போதிய சான்று இல்லை. எனினும், உண்மையான முளைப்பு 80 சதவீதமாக இருந்தாலும் இந்த அளவுச் சோதனை அதைக் கண்டறியும் வாய்ப்பு 44 சதவீதம் மட்டுமே. ஆகவே இரண்டாம் வகைப் பிழைக்கான வாய்ப்பை ஒதுக்கிவிட முடியாது.’