இறக்கை எங்கே, எல்லை எங்கே?

கேள்வி: நிஃப்டி மூன்று வாரமாக 24,400க்கும் 25,200க்கும் நடுவிலேயே ஊசலாடுகிறது. இப்போது 24,800. அயர்ன் காண்டோர் போட்டால் ஸ்டிரைக்குகளை எங்கே வைக்க வேண்டும்? ஒரு பக்கம் நெருங்கி வந்தால் என்ன செய்வது?
– மஞ்சள் வியாபாரி, ஈரோடு

பதில்: அயர்ன் காண்டோர் என்பது சந்தைக்கு மேலே ஒரு காலும் கீழே ஒரு புட்டும் விற்று, அவற்றுக்கும் வெளியே பாதுகாப்புக்கு ஒரு காலும் ஒரு புட்டும் வாங்குவது. அப்படி வாங்குவதுதான் இறக்கை; விற்றதற்கும் வாங்கியதற்கும் உள்ள இடைவெளி அதன் அகலம். சார்ட் சொல்வது விற்க வேண்டிய இடத்தை மட்டும்தான். இறக்கையின் அகலத்தை உங்கள் பணப்பெட்டிதான் சொல்ல வேண்டும். பலர் 25,200லேயே கால் விற்றுவிடுகிறார்கள். அது சந்தை அடிக்கடி தொட்டுத் திரும்பும் இடம். ஒவ்வொரு முறையும் உங்கள் தூக்கம் கெடும். நூறு புள்ளி தள்ளி, 25,300 கால், 24,300 புட் என விற்றுப் பாருங்கள். பாதுகாப்புக்கு 25,500 காலும் 24,100 புட்டும் வாங்குங்கள். வாங்குவதை முதலில் செய்தால் மார்ஜின் குறையும். நூறின் மடங்கான ஸ்டிரைக்குகளில்தான் பொதுவாக வியாபாரம் அதிகம்.

ஒன்றரை வாரம் மீதமிருக்க, கால் பக்கம் 27, புட் பக்கம் 33 என 60 புள்ளி கைக்கு வருவதாக வைத்துக்கொள்வோம். இறக்கை அகலம் 200. ஆகவே அதிகபட்ச நஷ்டம் 140. முடிவு நாளில் 24,240க்கும் 25,360க்கும் இடையே நின்றால் நஷ்டமில்லை, தரகும் வரியும் தனி. வரவு 50க்குக் கீழே இறங்கினால் நான் போட மாட்டேன். அந்தப் பணத்துக்கு இந்த ஆபத்து கட்டுப்படியாகாது.

இனி சோதனைக்கு வருவோம். ஐந்து நாள் மீதமிருக்கும்போது நிஃப்டி 25,260இல் முடிகிறது. பகலில் தொட்டுவிட்டுத் திரும்பியிருந்தால் பொறுத்திருக்கலாம். எல்லைக்கு மேலே முடிந்துவிட்டால் நீங்கள் நம்பிய வரம்பே இல்லை. கால் பக்கத்தை மூட 80, புட் பக்கத்தை மூட 5 ஆகும் என்றால், மொத்தம் 85 கொடுத்து 25 புள்ளி நஷ்டத்தோடு வெளியேறலாம். என் ஓட்டு இதற்கே. மூடும்போது விற்றதை முதலில் திரும்ப வாங்குங்கள். இறக்கையை முதலில் விற்றால் மார்ஜின் எகிறும்.

மனம் ஒப்பவில்லை என்றால், அடிபடாத புட் பக்கத்தை 5க்கு மூடிவிட்டு, 24,700 புட் விற்று 24,500 புட் வாங்கலாம். அதில் 22 வந்தால் மொத்த வரவு 77 ஆகிறது, அதிகபட்ச நஷ்டம் 123 ஆகக் குறைகிறது. ஆனால் இப்போது கீழ் எல்லை 24,623. சந்தை சட்டென்று திரும்பினால் இந்தப் பக்கம் அடி விழும். இந்தத் திருத்தம் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம். அடிபட்ட பக்கத்தை மேலே தள்ளி இரண்டு மடங்கு விற்பது மட்டும் கூடவே கூடாது. மண்டியில் விலை சரியும்போது கடன் வாங்கி மேலும் மூட்டை சேர்த்தவர்களை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

முடிவு நாளான செவ்வாய் வரை இழுக்காதீர்கள். அன்று ஐம்பது புள்ளி நகர்வே விலையைப் புரட்டிவிடும். விற்ற ஆப்ஷன்களுக்கு 2 சதவீதம் கூடுதல் மார்ஜினும் கேட்பார்கள். திங்களன்றே மூடிவிடுங்கள். ரிசர்வ் வங்கி வட்டி அறிவிப்போ பட்ஜெட்டோ நடுவில் வருகிறதா என்று போடும் முன்பே நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். வந்தால் அந்த வாரம் மஞ்சளைக் கவனியுங்கள்.