முகவரி மாறினால் எத்தனை இடத்தில் திருத்துவது? ஃபைல், டேட்டாபேஸ்: கேள்வி பதில்

பாலிடெக்னிக் மாணவி: ஒரே தகவல் பல ஃபைலில் இருந்தால் முரண்பாடு வரும் என்று பாடத்தில் ஒரு வரி இருக்கிறது. நிஜத்தில் எப்படி வருகிறது?

சிங்கப்பூரில் ஒரு துணைப்பாட நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சேர்க்கை, கட்டணம், வகுப்புப் பட்டியல் என்று மூன்று ஃபைல்கள், மூன்று பேர் பொறுப்பு. மூன்றிலும் பெயர், முகவரி, தொலைபேசி உண்டு. ஒரு குடும்பம் யீஷூனிலிருந்து பொங்கோலுக்கு வீடு மாறுகிறது. அம்மா கவுண்டரில் சொல்கிறார், சேர்க்கை ஃபைலில் திருத்துகிறார்கள். கட்டணக் கடிதமோ பழைய வீட்டுக்கே போகிறது. அலுவலகம் "அனுப்பினோம்" என்கிறது, அம்மா "வரவில்லை" என்கிறார். இரண்டும் உண்மை.

இதைவிட மோசம் அடுத்த கட்டம். ஆறு மாதம் கழித்துப் பார்ப்பவருக்கு எந்த முகவரி புதியது என்று தெரியாது. ஃபைலை "சரிசெய்கிறேன்" என்று பழையதை எடுத்துப் புதியதன்மேல் ஒட்டிவிடுவார். டேட்டாபேஸில் முகவரி மாணவர் அட்டவணையில் ஒரே முறைதான் இருக்கும். கட்டண அட்டவணையில் மாணவர் எண்ணும் தொகையும் மட்டும்.

ஓய்வுபெற்ற கோபோல் மொழி நிரலாளர்: அந்தக் காலத்தில் டிஸ்க் விலை அதிகம், அதனால்தான் டேட்டாபேஸ் வந்தது. இப்போது டிஸ்க் மலிவு. இரண்டு பிரதி இருந்தால் என்ன போச்சு?

பாதி சரி அண்ணே. இடத்தை எண்ணி எண்ணித்தான் செலவழித்தோம், ஆண்டைக்கூட இரண்டு இலக்கத்தில் வைத்தோம். ஆனால் பிரதியின் விலை இடத்தில் இல்லை, ஒவ்வொரு பிரதியையும் மறக்காமல் திருத்துவதில் இருக்கிறது.

உங்களுக்கே நினைவிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2002ல் இங்கே தொலைபேசி எண்கள் ஏழு இலக்கத்திலிருந்து எட்டாயின. ஃபைலில் தொலைபேசிக்கு ஏழு இடம், அதை அடுத்துக் கட்டணத்துக்கு நான்கு இடம் என்று வைத்துக்கொள்வோம். கட்டணம் 120 வெள்ளி, பதிவில் 0120. ஃபைலை எட்டு இடத்துக்கு மாற்றிவிட்டு ஒரே ஒரு நிரலை மட்டும் மறந்துவிட்டீர்கள். தொலைபேசியின் கடைசி இலக்கம் 4 என்றால், அந்த நிரல் கட்டணத்தை 4012 என்று படிக்கும். பிழை என்று எந்தச் செய்தியும் வராது, பில் மட்டும் போய்விடும்.

தகவல் இயந்திரத்துக்குள் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது பயனருக்குத் தெரியவேண்டிய அவசியமே இருக்கக்கூடாது என்றுதான் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் 1970ல் தம் கட்டுரையைத் தொடங்கினார். டேட்டாபேஸில் நிரல் பத்தியின் பெயரைச் சொல்லிக் கேட்கிறது, அது எத்தனையாவது இடம் என்று எண்ணுவதில்லை. தொலைபேசியைத் தொடாத நிரல்களில் மாற்ற எதுவும் இல்லை. ஏழு இலக்கம் மட்டும் ஏற்கும் திரைப்பெட்டியை அப்போதும் நாம்தான் மாற்ற வேண்டும், அது வேறு.

கணக்கர், உட்லண்ட்ஸ்: எங்களிடம் மூன்று எக்செல். பொங்கோலில் இருந்து வருகிற, சனிக்கிழமை வகுப்பில் உள்ள, கட்டணம் பாக்கி வைத்திருப்பவர்கள் யார் என்று மேலாளர் கேட்டார். அரை நாள் போய்விட்டது. VLOOKUP பாதிப் பேரைக் காணோம் என்கிறது.

பெயரை வைத்துத் தேடினீர்களா? நம் பெயர்களில் அது ஓடாது. ஒரு ஃபைலில் `Kumaran s/o Manickam`, இன்னொன்றில் `M. Kumaran`, மூன்றாவதில் `Manickam Kumaran`. தகவல் எல்லாம் இருக்கிறது, ஆனால் ஒன்றோடொன்று பேசாமல் அடைபட்டுக் கிடக்கிறது. பெயரை விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். அடையாள அட்டை எண் வேண்டாம்; 2019லிருந்து சட்டத் தேவை போன்ற காரணம் இல்லாமல் நிறுவனங்கள் அதைச் சேகரிக்கக்கூடாது.

மூன்றையும் டேட்டாபேஸுக்குள் ஏற்றியதும், பழைய பிரதிகளை நீக்கும் முன் இதை ஓட்டிப் பாருங்கள்:

```sql
SELECT r.student_id, r.address, f.address
FROM registration r
JOIN fees f ON f.student_id = r.student_id
WHERE r.address <> f.address;
```

`Blk` என்றும் `Block` என்றும் எழுதியதுகூட முரண்பாடாக வரும், பயப்படாதீர்கள். கவனிக்க வேண்டியது வராதவற்றை. ஒரு பக்கம் முகவரியே பதிவாகாமல் `NULL` என்று இருந்தால் அந்த வரி இதில் சிக்காது, தனியாகத் தேட வேண்டும்.

தேக்கா கடைக்காரர்: தம்பி, போன மாதம் லேப்டாப் கெட்டுக் கணக்கு ஃபைல் எல்லாம் போச்சு. டேட்டாபேஸ் இருந்தால் தப்பித்திருக்குமா?

இல்லைங்க. அதே லேப்டாப்பில் இருந்திருந்தால் அதுவும் போயிருக்கும். உங்களுக்குத் தேவை வேறு இடத்தில் வைக்கும் காப்புப் பிரதி. ஒருவரே எழுதுகிற ஒரே கணக்கு என்றால் எக்செல்லே போதும்.

மறுபடி மாணவி: ஒரு தகவல் ஒரே இடத்தில்தான் என்றால், ரசீதில் கட்டணத்தை எழுதி வைப்பதும் தவறா?

நல்ல கேள்வி. மார்ச் ரசீதில் உள்ள 120 வெள்ளி, மார்ச்சில் வாங்கிய தொகை. ஜூலையில் கட்டணம் 140 ஆனாலும் அது மாறக்கூடாது. இன்றைய கட்டணத்தைப் பார்த்துப் பழைய ரசீதை அச்சடிக்கும் மென்பொருளை நான் பார்த்திருக்கிறேன், கணக்கு ஒத்தே வராது. ஆகவே தொகையை ரசீதிலேயே வையுங்கள்.

கோபோல் நிரலாளர்: அப்போ ரசீதில் முகவரி?

அங்கேதான் எங்கள் அலுவலகத்திலேயே இரண்டு கட்சி. அனுப்பிய முகவரி ஓர் ஆவணம், அப்படியே இருக்கட்டும் என்பது என் கட்சி. மறுபடி அச்சடித்தால் புதிய முகவரிக்குத்தானே போக வேண்டும் என்கிறார் பக்கத்து மேசைக்காரர்.