வாரக் கூட்டம் நேரத்துக்கு முடிய: கேள்வி-பதில்

திட்டக் கூட்டத்தை எந்தக் கிழமை வைக்கலாம்?
– தட்டாஞ்சாவடி, புதுச்சேரி

செவ்வாய் அல்லது புதன், 11 மணிக்கு. திங்கட்கிழமை யாரிடமும் முழு விவரம் இருக்காது. வெள்ளிக்கிழமை எடுத்த முடிவை சனி, ஞாயிறு தின்றுவிடும். 12 மணிக்கு மேல் பசி வந்துவிடும் என்பதும் ஒரு வசதிதான்.

எங்கள் கூட்டம் சரியாக நடப்பதில்லை. என்ன செய்யலாம்?
– ஊர் குறிப்பிடவில்லை

எத்தனை பேர், எவ்வளவு நேரம், என்ன வேலை என்று ஒரு வரி கூட எழுதாமல் கேட்டால் நான் ஜோசியமா சொல்ல முடியும்? விவரத்தோடு எழுதுங்கள்.

சுத்திகரிப்பு நிலைய விரிவாக்க வேலை. ஒன்பது பேர். ஒரு மணி நேரம் என்று உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகிறது, முடிவும் வருவதில்லை. நிகழ்ச்சி நிரலை இணைத்திருக்கிறேன்.
– சிப்காட், கடலூர்

பார்த்தேன். "கடந்த வாரப் பணிகள், சிவில், கொள்முதல், பாதுகாப்பு, இதர." இது நிரல் இல்லை, ஃபைல் அட்டையில் எழுதுகிற தலைப்பு. "சிவில்" என்று போட்டால் சிவில்காரர் தெரிந்ததையெல்லாம் பேசத்தான் செய்வார்.

அதைவிட மோசம் அந்த முதல் வரி. ஒன்பது பேரும் வரிசையாகப் போன வாரக் கதையை வாசிக்கிறார்கள். ஆளுக்கு ஐந்தாறு நிமிடம், ஆக ஐம்பது நிமிடம் போயிற்று. ஒருவர் வாசிக்கும்போது மற்ற எட்டுப் பேரும் போனைப் பார்க்கிறார்கள். எத்தனை தடவை எழுதினாலும் இந்தப் பழக்கம் ஒழிய மாட்டேன் என்கிறது. நிலவரத்தை முந்தின நாள் மாலை 5 மணிக்குள் ஆளுக்கு மூன்று வரியில் வாங்கிவிடுங்கள்: முடிந்தது, தடைபட்டது, தள்ளிப்போன தேதி. அறைக்குள் யாரும் வாசிக்கக் கூடாது. தடைபட்டது என்று வந்ததில் எதற்கு முடிவு தேவையோ அது மட்டும் நிரலுக்கு வரட்டும், அதுவும் கேள்வியாக.

உங்கள் "சிவில்" இப்படி மாறும்: "தொட்டிக்குழியில் ஊற்றுநீர் வருகிறது. அக்டோபர் மழைக்கு முன் அடித்தளக் கான்கிரீட் போட இந்த வாரமே இரண்டாவது பம்ப் வாடகைக்கு எடுப்பதா, இருக்கிற பம்பை வைத்தே இறைப்பதா?" இதற்கு 15 நிமிடம். கொண்டுவந்தவர் 3 நிமிடம் சொல்லட்டும், 8 நிமிடம் பேச்சு, கடைசி 4 நிமிடம் முடிவைச் சொல்லி எழுத. இதோடு பத்துப் பத்து நிமிடத்தில் இன்னும் இரண்டு கேள்வி. தொடக்கத்தில் போன வார முடிவுகள் நடந்ததா இல்லையா என்று 5 நிமிடம், கடைசியில் இன்றைய முடிவுகளை உரக்க வாசிக்க 5 நிமிடம். மொத்தம் 45. மீதி 15 நிமிடத்தை வெறுமனே விடுங்கள், அதை நிரப்பாதீர்கள்.

கடிகாரம் தலைமை தாங்குகிறவர் கையில் வேண்டாம், பேச்சில் அவரே மூழ்கிவிடுவார். இளைய பொறியாளர் ஒருவர் "நாலு நிமிஷம் இருக்கு சார்" என்று சொன்னால் போதும். நேரம் தீர்ந்தும் முடிவு வரவில்லையா? இருக்கிற தகவலை வைத்து முடிவெடுங்கள். இல்லை, இரண்டு பேரிடம் விட்டு நாளை மதியத்துக்குள் தீர்க்கச் சொல்லுங்கள். அதுவும் ஆகாதென்றால், எந்தத் தகவல் குறைகிறது, யார் கொண்டுவருவார் என்று எழுதித் தள்ளிவையுங்கள். ஒரே பொருள் மூன்றாவது வாரமும் வந்தால், முடிவெடுக்க வேண்டியவர் அறையிலேயே இல்லை என்று அர்த்தம். பாதுகாப்பு விஷயத்தை மட்டும் கடிகாரத்துக்காக முடிக்காதீர்கள். குழியின் பக்கச் சுவர் சரிகிறது என்றால் வேலையை நிறுத்திவிட்டுத் தனியாக உட்காருங்கள்.

முதலாளி இருபது நிமிடம் கழித்துத்தான் வருகிறார். அவருக்காக மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது.
– வில்லியனூர்

சொல்லாதீர்கள். அவர் கையெழுத்து தேவைப்படாததை முதலில் எடுங்கள், அவருடைய பொருளை 11.25-க்கு வையுங்கள். "ஐயா, உங்க விஷயம் 11.25-க்கு" என்று முந்தின நாளே சொல்லிவிடுங்கள். அவர் வரவே இல்லையென்றால் அந்தப் பொருளை எடுக்காதீர்கள். முடிவெடுப்பவர் இல்லாமல் பேசியதை அடுத்த வாரம் திரும்பப் பேச வேண்டிவரும்.

மினிட்ஸ் எழுதி அனுப்ப மூன்று நாள் ஆகிறது.
– நெல்லிக்குப்பம்

யார் என்ன பேசினார் என்று எழுதினால் அப்படித்தான் ஆகும். முடிவு, ஒரு பெயர், ஒரு தேதி மட்டும், அங்கேயே எல்லோரும் பார்க்கப் பலகையில் எழுதிப் போட்டோ எடுத்து குரூப்பில் போடுங்கள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "சிவில் டீம்" என்று எழுதினால் அந்த வேலை நடக்காது.

சென்னை ஆலோசகர் வீடியோவில் வந்து வரைபடத்தைப் பற்றி அரை மணி நேரம் வாதம் செய்கிறார்.
– மேட்டுப்பாளையம், புதுச்சேரி

அந்த வாதத்தில் எத்தனை பேருக்கு வேலை? இரண்டு பேருக்கு என்றால் "அப்புறம் பேச" என்று பலகை ஓரத்தில் எழுதி, கூட்டம் முடிந்ததும் அந்த இரண்டு பேரை மட்டும் லைனில் இருக்கச் சொல்லுங்கள். மற்றவர்கள் சாப்பிடப் போகட்டும்.