வரைபடத்தில் மட்டும் 14 சென்ட் கூடுவது ஏன்?

கேள்வி: கோவைக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தோட்டத்துக்குப் பட்டாவில் 1.21.50 ஹெக்டேர், அதாவது 3 ஏக்கர். QGIS-ல் செயற்கைக்கோள் படத்தின் மேல் வேலியை ஒட்டி வரைந்து `area($geometry)` போட்டால் 12,730 சதுர மீட்டர் காட்டுகிறது. பட்டாவை விட 14 சென்ட் கூடுதல். அதே வேலியை கூகுள் மேப்பில் அளந்தால் ஏறத்தாழ பட்டா அளவுதான் வருகிறது. எதை நம்புவது?

பதில்: கூகுள் மேப்பை. அதன் அளவுகோல் பூமியின் வளைவைக் கணக்கில் எடுத்து அளக்கிறது. நீங்கள் QGIS-ல் அளந்தது நிலத்தை அல்ல, தட்டையாக விரித்த படத்தை.

உங்கள் லேயரின் ஆய முறை, அதாவது CRS, அநேகமாக EPSG:3857 ஆக இருக்கும். லேயரின் Properties-ல் Information பக்கத்தில் பார்க்கலாம். உருண்டையான பூமியைத் தட்டைப் படமாக விரிக்கும் முறைக்கு வீழல் என்று பெயர்; இணைய வரைபடங்களுக்கென்றே உள்ள மெர்கேட்டர் வீழல் அது. பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே போகப் போக அட்சரேகை வட்டங்கள் சிறுத்துக்கொண்டே வரும். மெர்கேட்டரோ எல்லா வட்டங்களையும் ஒரே நீளத்துக்கு இழுத்துவிடுகிறது. கிழக்கு மேற்காக மட்டும் இழுத்தால் உருவம் கோணிப்போகும் என்பதால், வடக்கு தெற்காகவும் அதே அளவுக்கு இழுக்கிறது. இதனால் தெரு முனைகள் செங்கோணமாகவே தெரிகின்றன. வழி பார்க்க அதுதான் வேண்டும். ஆனால் நீளத்தில் ஒரு முறை ஏறும் தவறு பரப்பளவில் இரண்டு முறை ஏறுகிறது.

கோவை 11 பாகை அட்சரேகையில் இருக்கிறது. cos 11° என்பது 0.9816. ஒன்றை அதனால் வகுத்தால் 1.0187, இது நீளம் பெருகும் விகிதம். அதன் வர்க்கம் 1.038; இது பரப்பு பெருகும் விகிதம். உங்கள் 12,730-ஐ 1.038-ஆல் வகுத்தால் சுமார் 12,265 வரும். இன்னும் பட்டாவை விட 115 சதுர மீட்டர் அதிகம், இல்லையா?

இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். EPSG:3857 பூமியை முழு உருண்டையாக வைத்துக் கணக்குப் போடுகிறது. உண்மையில் பூமி துருவங்களில் சற்றே தட்டை. அதையும் சேர்த்தால் கோவையில் 100 மீட்டர் வேலி கிழக்கு மேற்காக 101.9 மீட்டராகவும், வடக்கு தெற்காக 102.5 மீட்டராகவும் காட்டும். பரப்பு 4.4 சதவீதம் கூடும். அப்படி வகுத்தால் 12,190 சதுர மீட்டர். பட்டாவுக்கும் இதற்கும் இடைவெளி 40 சதுர மீட்டர், ஒரு சென்ட்.

நம் ஊர் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இதோடு போயிற்று. இதே தவறை லண்டனில் செய்தால் ஒரு ஏக்கர் இரண்டரை ஏக்கருக்கு மேல் தெரியும்.

வகுத்துப் பார்ப்பது சோதனைக்குச் சரி. வேலைக்கு, உள்ளூருக்குப் பொருந்தும் ஆய முறைக்கு மாற்றி அளப்பதே முறை:

```
area(transform($geometry, 'EPSG:3857', 'EPSG:32643'))
```

32643 என்பது UTM 43-வது வடக்கு மண்டலம். கோவை, ஈரோடு, திருநெல்வேலி அதில் வரும். 78 பாகை தீர்க்கரேகைக்குக் கிழக்கே உள்ள சேலம், மதுரை, திருச்சி, சென்னைக்கு 32644 போட வேண்டும். UTM-லும் தவறு உண்டு. ஆனால் உங்கள் 3 ஏக்கருக்கு அது சுமார் 4 சதுர மீட்டர்தான். மாற்றமே வேண்டாம் என்றால் `$area` போடுங்கள். Project Properties-ல் Ellipsoid என்ற இடத்தில் WGS 84 இருந்தால் அது வளைவோடு அளக்கும். None / Planimetric என்று இருந்தால் பழைய தவறான எண்ணே திரும்ப வரும்.

ஒரு எச்சரிக்கை. Set Layer CRS கொடுத்து 32643 என்று மாற்றிவிடாதீர்கள். அது ஆயங்களை மாற்றாது, பெயர்ச் சீட்டை மட்டும் மாற்றும். தோட்டம் படத்தில் எங்கோ தள்ளிப்போய் விழுந்தால் இதைத்தான் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். புது லேயராகவே வேண்டுமென்றால் Export வழியாக 32643-ல் சேமியுங்கள்.

சரி, மீதி அந்த ஒரு சென்ட்? அது வீழலின் வேலை இல்லை, உங்கள் மவுஸின் வேலை. 3 ஏக்கர் சதுரத் தோட்டத்துக்குச் சுற்றளவு சுமார் 440 மீட்டர். கோட்டைச் சுற்றிலும் ஒரு மீட்டர் வெளியே தள்ளி வரைந்தாலே 440 சதுர மீட்டர், அதாவது 11 சென்ட் கூடிவிடும். வேலியோர மரங்களின் கிளை நிழல் படத்தில் விழுந்தால் ஒரு மீட்டர் பிசகுவது சாதாரணம். ஒரு சென்ட்டுக்குள் முடித்திருக்கிறீர்கள் என்றால் நன்றாகவே வரைந்திருக்கிறீர்கள். எல்லை பற்றிப் பக்கத்துத் தோட்டக்காரரோடு பேச வேண்டி வந்தால் இந்தப் படத்தை நீட்டாதீர்கள். புலப்படத்தை வாங்கி, சர்வேயரை வைத்துக் கல் பார்த்து அளந்துகொள்ளுங்கள்.