வியாழக்கிழமை வாடிக்கையாளர் வருகிறார்: சாப்பாடு எங்கே, பேச்சு எங்கே?

"ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறேன். சென்னை கட்டுமான நிறுவனம் ஒன்றின் பர்ச்சேஸ் மேலாளரும் அவருடைய உதவியாளரும் வியாழக்கிழமை வருகிறார்கள். மேலாளர் சைவம். மதியச் சாப்பாட்டோடு விலையையும் பேசி முடிக்க வேண்டும். காரைக்குடியில் பேர்பெற்ற மெஸ்ஸுக்குக் கூட்டிப்போகவா, பழைய வீட்டில் நடக்கும் ஹோட்டலுக்கா?"

பழைய வீட்டு ஹோட்டலுக்கே போங்கள். ஆனால் இலைக்கு முன்னால் விலை பேசாதீர்கள். சோறு, குழம்பு, ரசம் என்று பரிமாறுகிறவர் வந்துகொண்டே இருப்பார். பேச்சு அறுந்துகொண்டே இருக்கும். வலது கை சோற்றில் இருக்கும்போது நீங்கள் நீட்டும் சாம்பிள் கல்லை அவர் எப்படி வாங்கிப் பார்ப்பார்? மெஸ்ஸில் சாப்பிட்டு முடித்தாலும் உட்கார்ந்திருக்க முடியாது, அடுத்த ஆள் நாற்காலிக்குப் பின்னாலேயே நிற்பார். பழைய வீட்டில் என்றால் கை கழுவிவிட்டு முகப்பில் போய் உட்கார்ந்து நிதானமாகப் பேசலாம்.

அந்த வீடுகளிலும் சத்தம் உண்டு. வழவழவென்று தேய்த்த சுண்ணாம்புச் சுவர், உங்கள் ஊர் டைல்ஸ் தரை, உயரமான கூரை மூன்றும் ஒலியை உள்வாங்காது, திருப்பி அடிக்கும். மூடிய கூடத்தில் இருபது பேர் சாப்பிட்டால் எதிரே இருப்பவர் சொல்வது காதில் விழாது. வளவு ஓரத்து மேஜையைக் கேளுங்கள். முற்றம் திறந்திருப்பதால் சத்தம் மேலே போய்விடும். அடுப்படிக் கதவும் கை கழுவும் தொட்டியும் பக்கத்தில் வேண்டாம். முடிந்தால் அதற்கு முன்பே ஒருநாள் பகல் ஒரு மணிக்குப் போய் அந்த மேஜையிலேயே உட்கார்ந்து பாருங்கள். காலை பத்து மணிக்குப் பார்த்தால் எந்த இடமும் அமைதியாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை. காலை 9 மணிக்கு நிறுத்தினால் சாப்பாட்டு நேரம் முழுக்க ஜெனரேட்டர் உறுமும். மின்வாரியம் இதைக் கடைசி நேரத்தில் பத்திரிகையின் ஒரு மூலையில் போடுகிறது. தொழில் செய்கிறவன் தினமும் அந்த மூலையைத் தேடிக்கொண்டிருக்க வேண்டுமாம்! முதல் நாளே ஹோட்டலில் கேட்டுவிடுங்கள்.

சைவம் விஷயத்தில் "இருக்கு சார்" என்ற பதிலை நம்பாதீர்கள். போய் உட்கார்ந்தால் சாம்பாரும் பொரியலும்தான் வரும். கறி சாப்பிடும் உதவியாளருக்கு முன்னால் மேலாளரின் இலை வெறிச்சோடிக் கிடக்கும். முதல் நாளே பெயர் சொல்லி ஆர்டர் கொடுங்கள்: அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கும் வெண்டைக்காய் மண்டி, உருளைக்கிழங்கு மசாலா, வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி இனிப்பு. கவுனி இரவெல்லாம் ஊற வேண்டியது. வந்து உட்கார்ந்தபின் கேட்டால் கிடைக்காது. கரண்டி தனியாக இருக்கட்டும் என்றும் சொல்லிவிடுங்கள்.

நேரத்துக்கு வருவோம். வியாழனன்று ராகுகாலம் 1.30 முதல் 3 வரை. பட்டறையில் சாம்பிள் காட்டிவிட்டு 12.15-க்கு இலை முன் உட்கார்ந்தால் ஒரு மணிக்கு முகப்புக்கு வந்துவிடலாம். விலைக்கு அரை மணி நேரம் கிடைக்கும். வந்தவருக்கு இதில் நம்பிக்கை இல்லாமல் இருக்கலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பார்ப்பவர்களாக இருந்தால் 1.30-க்கு முன் ஒரு சிறு தொகையை அட்வான்ஸாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்பித்த காரியம் தொடர்வதில் தடையில்லை என்பதுதான் நம் பக்கத்து வழக்கம்; தவணை, லாரி வாடகை, உடைசல் கணக்கையெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம். 1.30-க்குள் பேச்சு முடியாவிட்டால் அவசரப்பட்டு விலையைக் குறைக்காதீர்கள். மூன்று மணி வரை வேறு வீடுகளில் உங்கள் டைல்ஸ் பதித்த தரையைச் சுற்றிக் காட்டுங்கள். அதோடு அன்று முகூர்த்த நாளா என்று காலண்டரைப் பாருங்கள். நல்ல சமையல்காரர்கள் கல்யாண வேலைக்குப் போயிருப்பார்கள். அடுப்படியில் உதவியாள்தான் நிற்பார்.

நான் மிகவும் எச்சரிக்க விரும்புவது இடைத்தரகர்களைப் பற்றித்தான். "மாளிகைச் சாப்பாடு நான் ஏற்பாடு செய்றேன்" என்று தலைக்கு ஒரு விலை சொல்லும் டிராவல்ஸ் ஆட்களிடம் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். அவர்களுக்கு ஹோட்டலில் கமிஷன். அதே கூடத்தில் அதே நேரத்துக்குச் சுற்றுலா வண்டி ஒன்று நிறைய ஆட்களை இறக்கியிருப்பார்கள், அதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள். ஹோட்டலுக்கு நீங்களே போன் செய்து, "அன்னைக்கு வேற குரூப் இருக்கா, எத்தனை மணிக்கு?" என்று கேளுங்கள். முன்பணத்தை நேரடியாகக் கட்டி, மேஜையைக் குறிப்பிட்டு ரசீது வாங்குங்கள். வாடகைக் கார் டிரைவரும் வழியில் "அதைவிட நல்ல இடம் இருக்கு சார்" என்பார். அவர் சாப்பாட்டுக்குக் காலையிலேயே தனியாகப் பணம் கொடுத்து, எந்த வாசலில் நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.