மார்ச்சுக்குள் முழு வரியையும் கட்டிய பிறகும் ஏன் வட்டி?

கேள்வி: கோவையில் தனியார் நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். வயது 48. புதிய வரி முறையில் இருக்கிறேன். 2024-25 நிதியாண்டில் நிலையான கழிவு போக என் சம்பளம் 17 லட்சம் ரூபாய். அதற்கான வரியை அலுவலகமே பிடித்துவிட்டது. பிக்சட் டெபாசிட் வட்டி 3 லட்சம். வங்கி 30,000 பிடித்தது. ஆகஸ்ட் மாதத்தில் பல நிறுவனங்களிலிருந்து டிவிடெண்ட் 24,000 வந்தது; அதில் வரி பிடிக்கவில்லை. 2025 பிப்ரவரி 10ஆம் தேதி, பல ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ஈக்விட்டி மியூச்சுவல் ஃபண்டை விற்றதில் லாபம் 5,25,000. மார்ச் 14 அன்று பாக்கி வரி 1,23,100 ரூபாயை முன்கூட்டிய வரியாகக் கட்டினேன். ஆனாலும் கணக்குத் தாக்கல் செய்தபோது, 234சி பிரிவின்படி 4,980 ரூபாய் வட்டி என்று படிவம் காட்டியது, கட்டிவிட்டேன். பிப்ரவரியில் விற்றதற்கு ஜூன் மாதத்திலிருந்தா வட்டி? டெபாசிட் வட்டியை நம்பியிருக்கும் என் 68 வயது அப்பாவும் முன்கூட்டிய வரி கட்ட வேண்டுமா? — கோவை வாசகி

பதில்: உங்கள் அப்பாவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் வசிக்கும் 60 வயது நிறைந்த ஒருவருக்குத் தொழில், வியாபார வருமானம் இல்லையென்றால், வருமான வரிச் சட்டத்தின் 207ஆவது பிரிவு முன்கூட்டிய வரியிலிருந்து முழு விலக்கு அளிக்கிறது. எனவே முன்கூட்டிய வரியைக் கட்டாமல் விட்டதற்கான 234பி, தவணை தவறியதற்கான 234சி ஆகிய இரண்டு வட்டிகளும் அவரைத் தொடாது. மீதி வரி ஏதும் இருந்தால், கடைசித் தேதிக்குள் கணக்குத் தாக்கல் செய்யும்போது கட்டினால் போதும்.

இனி உங்கள் 4,980 ரூபாய். அதில் 2,841 ரூபாய் நியாயமான வட்டி. மீதி 2,139 ரூபாய் நீங்கள் கட்டியிருக்கவே வேண்டாம். அது திரும்பக் கிடைக்கும். தவறு எங்கே நடந்திருக்கிறது என்பதையும் அந்த 4,980 என்ற எண்ணே காட்டிக்கொடுக்கிறது.

பிடித்த வரி போக ஆண்டு வரிப் பாக்கி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், அதை நான்கு தவணைகளில் கட்ட வேண்டும். ஜூன் 15க்குள் 15 சதவீதம், செப்டம்பர் 15க்குள் மொத்தமாக 45, டிசம்பர் 15க்குள் 75, மார்ச் 15க்குள் முழுவதும். முதல் மூன்று தவணைகளில் எது குறைந்தாலும், குறைந்த தொகைக்கு மாதம் 1 சதவீதம் வீதம் மூன்று மாத வட்டி உண்டு. கடைசித் தவணை குறைந்தால் ஒரு மாத வட்டி. இதுதான் 234சி. மார்ச்சில் முழுவதையும் கட்டியதால் 234பி வட்டியிலிருந்து நீங்கள் தப்பித்துவிட்டீர்கள். ஆனால் ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகள் வெறுமையாகவே போய்விட்டன.

உங்கள் பாக்கி வரி மூன்று இடங்களிலிருந்து வருகிறது. டெபாசிட் வட்டி 30 சதவீத அடுக்கில் விழுகிறது. 4 சதவீத செஸ் சேர்த்தால் 93,600. வங்கி பிடித்தது போக 63,600 பாக்கி. வங்கி வரியைப் பிடித்துவிட்டது, இனி ஒன்றுமில்லை என்று என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். வங்கி பிடிப்பது 10 சதவீதம் மட்டுமே; உங்கள் அடுக்கு என்ன என்பது வங்கிக்குத் தெரியாது. டிவிடெண்டுக்கும் அதே 30 சதவீத அடுக்குதான், வரி 7,488. ஃபண்ட் லாபத்தில் 1,25,000 ரூபாய் வரை வரி கிடையாது. மீதி 4 லட்சத்துக்கு 12.5 சதவீதமும் செஸ்ஸும் சேர்த்து 52,000. மூன்றும் சேர்ந்து 1,23,088.

இந்த மூன்று வருமானங்களையும் சட்டம் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. டெபாசிட் வட்டி ஆண்டின் முதல் நாளிலேயே கணக்கிட்டுவிடக் கூடியது. அதற்கு எந்தச் சலுகையும் இல்லை. ஜூன் தவணையிலிருந்தே கட்டியாக வேண்டும். பிப்ரவரியில் ஃபண்டை விற்பீர்கள் என்பதோ, ஒரு நிறுவனம் எப்போது எவ்வளவு டிவிடெண்ட் அறிவிக்கும் என்பதோ ஜூன் மாதத்தில் யாருக்கும் தெரியாது. ஆகவே மூலதன ஆதாயத்துக்கும் டிவிடெண்டுக்கும் 234சி பிரிவே ஒரு பாதுகாப்பைத் தருகிறது. வருமானம் வந்த பிறகு எஞ்சியிருக்கும் தவணைகளில் அதற்குரிய வரியைக் கட்டிவிட்டால், முந்தைய தவணைகளுக்கு வட்டி இல்லை. மார்ச் 15க்குப் பிறகு விற்றிருந்தால்கூட மார்ச் 31க்குள் கட்டினால் போதும்.

உங்கள் ஃபண்ட் விற்பனை பிப்ரவரியில் நடந்தது. அதற்குப் பின் இருந்த ஒரே தவணை மார்ச் 15. அதற்கு முதல் நாளே கட்டிவிட்டீர்கள். ஆகவே அந்த 52,000 ரூபாய் வரிக்கு ஒரு பைசாகூட வட்டி கிடையாது. டிவிடெண்ட் ஆகஸ்ட்டில் வந்ததால் ஜூன் தவணைக்கு வட்டி இல்லை. ஆனால் செப்டம்பரிலும் டிசம்பரிலும் கட்டாமல் விட்டதற்கு உண்டு.

சரியான கணக்கு இதுதான். ஜூன் தவணைக்கு 63,600இல் 15 சதவீதம், அதாவது 9,540. நூறுக்குக் கீழே உள்ளதை விட்டுவிட விதி சொல்கிறது. ஆக 9,500க்கு 3 சதவீதம், 285 ரூபாய். செப்டம்பரில் டிவிடெண்டும் சேர்ந்து 71,088 ஆகிறது. அதில் 45 சதவீதத்துக்கு வட்டி 957. டிசம்பரில் 75 சதவீதத்துக்கு 1,599. மொத்தம் 2,841.

இப்போது 1,23,088 ரூபாய் முழுவதும் ஜூன் மாதத்துக்கு முன்பே வந்த வருமானத்தின் மீதான வரி என்று வைத்துக்கொண்டு அதே கணக்கைப் போடுங்கள். மூன்று தவணைகளுக்கும் 552, 1,659, 2,769 என்று வரும். கூட்டினால் சரியாக 4,980. அதாவது டிவிடெண்டும் ஃபண்ட் லாபமும் ஏப்ரல் முதல் ஜூன் 15க்குள் கிடைத்தவை என்று உங்கள் படிவம் எண்ணிக்கொண்டிருக்கிறது. அப்படி எண்ண வைத்தவர் நீங்களே, அல்லது உங்களுக்காகப் படிவம் நிரப்பியவர்.

ஐடிஆர்-2 படிவத்தில் Schedule CG பகுதியின் கடைசிக்குப் போய்ப் பாருங்கள். லாபம் எந்தக் காலத்தில் கிடைத்தது என்று கேட்கும் ஓர் அட்டவணை இருக்கும். Upto 15/6 என்று தொடங்கி, அடுத்தடுத்த தவணைக் காலங்களாக நீண்டு, 16/3 to 31/3 என்று முடியும் ஐந்து கட்டங்கள். டிவிடெண்டுக்கு இதே போன்ற அட்டவணை Schedule OS பகுதியின் இறுதியில் இருக்கிறது. மேலே எல்லாவற்றையும் கவனமாக நிரப்பிக் களைத்துப்போன நேரத்தில்தான் இந்த இடம் வருகிறது. மொத்தம் மேலே உள்ள தொகையுடன் பொருந்துகிறதா என்று மட்டுமே படிவம் சரிபார்க்கும்; எந்தக் கட்டத்தில் போட்டீர்கள் என்பதைக் கேட்காது. ஆகவே முதல் கட்டத்தில் முழுத் தொகையையும் போட்டுவிட்டாலும் பிழைச் செய்தி ஏதும் வராது. வட்டிதான் வரும். ஆண்டுதோறும் இப்படி வீணாகப் பணம் கட்டுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதுகூட இல்லை.

இதைச் சரிசெய்ய 139(5) பிரிவின் கீழ் திருத்திய கணக்கைத் தாக்கல் செய்யுங்கள். 2024-25 வருமானத்துக்கான 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கு 2025 டிசம்பர் 31 வரை அவகாசம். பழைய கணக்கின் ஒப்புகை எண்ணையும் தேதியையும் கொடுத்து, 5,25,000 ரூபாயை 16/12 to 15/3 கட்டத்துக்கும், 24,000 டிவிடெண்டை 16/6 to 15/9 கட்டத்துக்கும் மாற்றுங்கள். வேறு எந்த எண்ணையும் தொட வேண்டாம். வட்டி 2,841 ஆகக் குறைந்து, ஏறத்தாழ 2,140 ரூபாய் ரீஃபண்ட் என்று படிவமே காட்டும். காட்டவில்லையென்றால் தாக்கல் செய்வதை நிறுத்திவிட்டு, முன்கூட்டிய வரியைக் கட்டிய தேதி மார்ச் 14 என்று படிவத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். தாக்கல் செய்த 30 நாட்களுக்குள் மின்னணு முறையில் சரிபார்ப்பதை மறந்துவிடாதீர்கள். சரிபார்க்காவிட்டால் திருத்தம் செய்தும் பயனில்லை. ஃபண்ட் நிறுவனம் தந்த மூலதன ஆதாய அறிக்கையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். விற்ற தேதிக்கு அதுதான் சான்று.

154ஆவது பிரிவில் திருத்த மனு போடலாமே என்று சிலர் சொல்வார்கள். துறை செய்த, ஆவணத்தைப் பார்த்தவுடனே தெரியும் பிழைக்கு உரிய வழி அது. இங்கே பிழை நீங்கள் கொடுத்த தகவலிலேயே இருப்பதால், அவகாசம் இருக்கும்போது திருத்திய கணக்கைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

அந்த 2,841 ரூபாயும் இனி வராமல் இருக்க ஒரு வழி உண்டு. அதைச் சொல்லத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். நடப்பு 2025-26 நிதியாண்டிலும் ஜூன், செப்டம்பர் தவணைகளைத் தவறவிட்டிருப்பீர்கள் என்றே நினைக்கிறேன். சம்பளமும் டெபாசிட் வட்டியும் மாறவில்லையென்றால், இந்த ஆண்டின் புதிய அடுக்குகளில் உங்கள் 3 லட்சம் வட்டிக்கு 20 சதவீத வரிதான். செஸ் சேர்த்து 62,400, வங்கி பிடிப்பது போக 32,400. இதை முன்கூட்டிய வரியாக இப்போது கட்டினாலும் கடந்துபோன இரண்டு தவணைகளுக்கு வட்டி விழும்.

சம்பளத்திலிருந்து பிடிக்கும் வரிக்கோ இந்தத் தவணைத் தேதிகள் கிடையாது. ஆண்டுக்குள் எப்போது பிடித்தாலும் 234சி கணக்கில் அது முதலிலேயே கழிந்துவிடும். 192(2பி) பிரிவின்படி, உங்கள் மற்ற வருமானத்தையும் அதில் ஏற்கெனவே பிடித்த வரியையும் எழுதிக் கொடுத்தால், அலுவலகம் அதையும் சேர்த்து வரி பிடிக்க வேண்டும். டெபாசிட் வட்டி 3 லட்சம், வங்கி பிடிப்பது 30,000 என்று சம்பளப் பிரிவுக்கு இந்த மாதமே கடிதம் கொடுங்கள். மார்ச் வரையுள்ள சம்பளங்களிலிருந்து அந்த 32,400 பிடிக்கப்பட்டுவிட்டால், தவறவிட்ட ஜூனும் செப்டம்பரும்கூட உங்களைத் துரத்தாது. மாதச் சம்பளம் சற்றுக் குறையும். அந்த வட்டி வராது.

ஃபண்டையோ பங்கையோ விற்கும் ஆண்டில் மட்டும் அந்த வரியைத் தனியாக, விற்றதற்கு அடுத்த தவணைத் தேதிக்குள் வருமான வரித் தளத்தின் e-Pay Tax பகுதியில் கட்டுங்கள். அங்கே Advance Tax (100) என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மதிப்பீட்டு ஆண்டு என்ற இடத்தில் நிதியாண்டைப் போட்டுவிடாதீர்கள்: 2025-26இல் விற்றதற்கு 2026-27 என்பதுதான் மதிப்பீட்டு ஆண்டு. அதை மாற்றிப் போட்டால் பணம் வேறோர் ஆண்டின் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். உங்கள் கணக்கில் கட்டாதது போலவே தெரியும்.