இரவு பத்தரை மணி மெயிலுக்குப் பதில் போட வேண்டுமா? பிரான்ஸ் அலுவலகக் கேள்விகள்

பிரான்ஸில் மாலை 6 மணிக்கு மேல் ஆபீஸ் மெயில் அனுப்பினால் சட்டப்படி குற்றமாமே?

இல்லை. 2014 ஏப்ரலில் ஐ.டி., ஆலோசனைத் துறை முதலாளிகள் சங்கமான சேன்தெக் தொழிற்சங்கங்களுடன், ஓய்வு நேரத்தில் அலுவலகத் தொடர்பைத் துண்டிப்பது பற்றியும் பேசும் ஓர் ஒப்பந்தம் போட்டது. அதில் 6 மணி என்று எங்குமே இல்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகள் கிளப்பிவிட்ட கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

உண்மையான சட்டம் 2016 ஆகஸ்டில் நிறைவேறி, 2017 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம், வேலை நேரம் முடிந்தபின் தொடர்பைத் துண்டிக்கும் உரிமையை எப்படி நடைமுறைப்படுத்துவது என்று தொழிற்சங்கங்களுடன் பேச வேண்டும். உடன்பாடு வராவிட்டால், ஊழியர் பிரதிநிதிகள் குழுவின் கருத்தைக் கேட்டு, நிறுவனமே ஒரு விதிமுறை எழுத வேண்டும். எத்தனை மணியோடு தொடர்பு முடிய வேண்டும் என்று சட்டம் சொல்வதில்லை. அதனால்தான் ஒவ்வொரு கம்பெனியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது.

பாரிஸில் 'ஃபோர்ஃபே ஜூர்' ஒப்பந்தத்தில் இருக்கிறேன். மேலாளர் இரவு பத்தரைக்கு மெயில் அனுப்புகிறார். எனக்குத்தான் வேலை நேரமே கிடையாதே, பதில் சொல்லித்தானே ஆக வேண்டும்?

நிறையப் பேருக்கு இந்தக் குழப்பம் உண்டு. உங்கள் ஒப்பந்தம் மணிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் இருக்கிறது. வழக்கமாக வருடத்துக்கு 218 நாள். வாரத்துக்கு 35 மணி நேரம் என்ற வரம்பு உங்களுக்குப் பொருந்தாது, சரி. ஆனால் ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ந்து 11 மணி நேர ஓய்வு என்பது உங்களுக்கும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தரைக்கு மெயில் வருகிறது, கோப்பைத் திறந்து எண்களைச் சரிபார்த்து 10.50-க்குப் பதில் போடுகிறீர்கள். அந்த இருபது நிமிடமும் வேலைதான். அப்படியானால் மறுநாள் காலை 9.50-க்கு முன் நீங்கள் வேலையைத் தொடங்கக் கூடாது. 9 மணி மீட்டிங்கில் உட்கார்ந்தால் ஓய்வு ஐம்பது நிமிடம் குறைந்துவிட்டது.

ஓய்வு கொடுத்தோம் என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. உங்கள் வேலைப்பளுவை அவர் ஒழுங்காகக் கண்காணிக்கவில்லை என்று 'ப்ரூதோம்' எனப்படும் தொழிலாளர் நீதிமன்றம் கண்டால், நாள்கணக்கு ஒப்பந்தம் உங்கள் விஷயத்தில் செல்லாமல் போகலாம். போனால் 35 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கெல்லாம் மூன்று வருடம் பின்னோக்கி ஓவர்டைம் கேட்கலாம். அப்போது அந்த 10.50 மெயில் சாட்சிக்கு வந்து நிற்கும். மனிதவளத்துறைக்காரர்கள் இரவு மெயிலைப் பார்த்து நெளிவது இதனால்தான், கருணையினால் அல்ல.

நீங்கள் செய்ய வேண்டியது: இரவில் பதில் போடாதீர்கள். காலையில் போடுங்கள், மன்னிப்பும் கேட்காதீர்கள். வருடாந்தர நேர்காணலில் வேலைப்பளு பற்றிக் கட்டாயம் கேட்பார்கள். அப்போது இதைச் சொல்லி எழுத்தில் பதியச் செய்யுங்கள். யாரும் கேட்காமல் நீங்களாகவே தினமும் நள்ளிரவில் பதில் போட்டுவந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும்.

விடுமுறை நாளில் சொந்த போனை எடுக்கவில்லை என்று எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். செல்லுமா?

செல்வது கடினம். வேலை நேரத்துக்கு வெளியே சொந்த கைபேசியில் கிடைக்காதது தவறாகாது என்று உச்ச நீதிமன்றமான கூர் த கசாசியோன் 2004-லேயே ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் வழக்கில் சொன்னது. 2024 அக்டோபரில் திரும்பவும் சொன்னது. கூப்பிட்டால் எடுத்தே ஆக வேண்டுமென்றால் அது 'அஸ்த்ரேன்த்', அதாவது காத்திருப்புப் பணி. அதற்குப் பணமாகவோ ஓய்வாகவோ ஈடு தர வேண்டும், அட்டவணையையும் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

சென்னையிலிருந்து பாரிஸ் டீமுடன் வேலை. எத்தனை மணிக்கு அனுப்புவது, எப்போது பதில் எதிர்பார்ப்பது?

உங்கள் காலை 10 மணி அங்கே கோடையில் 6.30, குளிர்காலத்தில் 5.30. அனுப்புவதால் சட்டச் சிக்கல் இல்லை. ஆனாலும் அங்கே காலை 9 மணிக்குப் போய்ச் சேரும்படி அனுப்புவது நல்லது. கோடையில் உங்கள் மதியம் 12.30, குளிர்காலத்தில் 1.30. அவர்களின் ஜிமெயிலில் Programmer l'envoi என்று இருப்பது இதற்கான வசதிதான்.

பதிலுக்குச் சட்டக் கெடு கிடையாது. சாதாரண மெயிலுக்கு ஒன்றிரண்டு வேலை நாள் ஆவதை அங்கே யாரும் தாமதமாக நினைப்பதில்லை. மதியம் 12 முதல் 2 வரை சாப்பாட்டு நேரம், அந்த நேரத்தில் நினைவூட்டல் அனுப்பினால் எரிச்சல்தான் மிஞ்சும். அவசரமென்றால் தலைப்பில் காரணத்தையும் கெடுவையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் URGENT போடுபவரின் மெயிலைப் பிரெஞ்சுக்காரர்கள் கடைசியில்தான் திறப்பார்கள்.

ஆகஸ்டில் தானியங்கிப் பதில் வந்தால் கடைசி வரி வரை படியுங்கள். அவசரத்துக்கு யாரைத் தொடர்புகொள்வது என்று பெரும்பாலும் அங்கே ஒரு பெயர் இருக்கும், அவருக்கு எழுதுங்கள். விடுமுறையில் போனவருக்கே வாட்ஸ்அப்பில் தட்டிவிடுவது மட்டும் வேண்டாம்.